மேசை போடுகிற வேலை: தட்டு, கிளாஸ், ஸ்பூன் வைக்கும் கணக்கு



எங்கள் குழு சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்றால் இலை போட்டுப் பரிமாற நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்களில் வேறு மாதிரி கேட்கிறார்கள். வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், மேசை போட்டு, பீங்கான் தட்டு, கண்ணாடி கிளாஸ், ஸ்பூன், முள்கரண்டி எல்லாம் வைத்துத் தர வேண்டும் என்கிறார்கள். சமையலுக்கு ஒத்துக்கொள்கிற குழுக்கள் இதைக் கேட்டதும் பின்வாங்குகின்றன. அதனால் இன்றைக்கு அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் இடம். ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட மேசையில் 24 அங்குல அகலமும் 18 அங்குல ஆழமும் வேண்டும். ஓட்டல் தொழில் படித்தவர்கள் இதற்கு 'கவர்' என்று பெயர் சொல்வார்கள். தரமணியில் ஓட்டல் நிர்வாகம் கற்றுத் தரும் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறதே, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் இதுதான் ஆரம்பப் பாடம். 24 அங்குலம் எதற்கு? தட்டு 10 அங்குலம்தான். மிச்சம் ஸ்பூனுக்கும், முக்கியமாக முழங்கைக்கும். 19, 20 அங்குலத்தில் ஆளை உட்கார வைத்தால் ஒருத்தர் கை தூக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கிளாஸ் சாயும். பந்தியில் இலையை நெருக்கிப் போட்டாலும் சமாளித்துக்கொள்வோம், அங்கே சாய்வதற்குக் கண்ணாடி இல்லை.

இப்போது எங்களுக்கு வந்த ஒரு ஆர்டரை அப்படியே சொல்கிறேன். பத்துப் பேருக்கு மதியச் சாப்பாடு. அங்கே இருந்த மேசை 8 அடி நீளம், மூன்றரை அடி அகலம். 8 அடி என்றால் 96 அங்குலம். 24-ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 4 பேர், இரண்டு பக்கமும் சேர்த்து 8 பேர். பாக்கி இரண்டு பேரை இரண்டு தலைமாட்டிலும் உட்கார வைக்கலாமே என்று அங்கிருந்தவர் சொன்னார். கேட்க சரியாகத்தான் இருக்கும். ஆனால் தலைமாட்டில் உட்காருகிறவர் தட்டுக்கும் 18 அங்குலம் உள்ளே போகும். மூலையில் இருப்பவர் தட்டும் அவர் தட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால் வேண்டாம் என்றோம். ஆபீஸ் அறையில் இரண்டரை அடி நீளத்தில் ஒரு சின்ன மேசை, அதே மூன்றரை அடி அகலத்தில் இருந்தது. உயரமும் இரண்டுக்கும் இரண்டரை அடி. அதை ஒரு பக்கம் சேர்த்தோம். மொத்தம் 126 அங்குலம் ஆச்சு. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு 25 அங்குலம் வந்தது.

மேசை சேர்க்கும்போது உயரத்தைக் கண்ணால் பார்த்தால் போதாது. இணைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கைக்குப் படி தட்டினால் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துச் சமன் செய்துவிட்டுத்தான் துணி விரிக்கணும்.

அகலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்றரை அடி என்றால் 42 அங்குலம். இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 18 போனால் நடுவில் மிச்சம் 6 அங்குலம்தான். உப்பு, மிளகுத்தூள் டப்பா, தாழ்வான ஒரு சின்னப் பூக்கிண்ணம், அவ்வளவுதான் கொள்ளும். குழம்புப் பாத்திரத்தை மேசை நடுவில் வைக்கக் கூடாது. அதற்குச் சுவரோரம் தனி மேசை போட்டு, அங்கிருந்து எடுத்துவந்து பரிமாறினோம். மூன்றே அடி அகலமுள்ள மேசை என்றால் நடுவில் ஒன்றுமே மிஞ்சாது. உப்பு டப்பாவைக்கூட இரண்டு ஆளுக்கு நடுவில் உள்ள சந்தில்தான் வைக்கணும்.

அடுத்து, சம இடைவெளி. நாம் கோலம் போடும்போது முதலில் புள்ளி வைக்கிறோம் இல்லையா? இதுவும் அப்படித்தான். முதல் தட்டை ஒரு ஓரத்தில் வைத்து, அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று போனால் ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் நகர்ந்து கடைசி ஆளுக்கு இடமே இருக்காது. அதனால் தையல் டேப்பை மேசை நீளத்துக்கும் போட்டோம். முதல் தட்டின் நடு 13-ஆவது அங்குலத்தில். அதன்பின் 25, 25-ஆக நான்கு முறை. கடைசியில் மறுபடி 13 மிச்சம் வரணும், வந்தது. அந்த ஐந்து இடத்திலும் துணியின் விளிம்பில் சின்ன சாக்பீஸ் பொட்டு வைத்தோம். எதிர்ப் பக்கமும் அப்படியே. பொட்டுக்கு நேராக முதலில் நாற்காலி, அதற்கு நேராகத் தட்டு. எதிரெதிர்த் தட்டுகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

தட்டின் விளிம்பு மேசை ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே இருக்கணும். டேப் வேண்டாம், கட்டைவிரலின் நுனிக் கணு அளவு போதும். ஆனால் பத்துத் தட்டையும் ஒரே ஆள் கட்டைவிரலால்தான் அளக்க வேண்டும். என் விரலும் எங்கள் செயலாளர் அக்கா விரலும் ஒன்றில்லை! ஸ்பூன், முள்கரண்டி காம்பின் அடியும் அதே ஒரு அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். நாற்காலிப் பக்கம் குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் எது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று உடனே தெரியும்.

எதை எங்கே வைப்பது? அன்றைக்கு மெனு சூப், புலாவ், எலும்பில்லாத கோழிக் குழம்பு, காய் கூட்டு, கடைசியில் ஐஸ்கிரீம். தட்டுக்கு இடது பக்கம் முள்கரண்டி, முள் மேலே பார்த்தபடி. வலது பக்கம் தட்டை ஒட்டிப் பெரிய ஸ்பூன், அதற்கு வெளியே சூப் ஸ்பூன். முதலில் சாப்பிடுவது எதுவோ அதற்கானது வெளி ஓரத்தில் வரும், சூப் முதலில் வருவதால் அது வெளியே. ஐஸ்கிரீமுக்கான சின்ன ஸ்பூன் தட்டுக்கு மேல்பக்கம் படுக்கையாக, காம்பு வலது கைப் பக்கம் பார்த்து. கத்தி வைக்கவில்லை. தட்டில் வெட்ட ஒன்றும் இல்லாதபோது கத்தி எதற்கு? பெரிய துண்டு இறைச்சி இருந்தால் வலது பக்கம் தட்டை ஒட்டிக் கத்தி வரும், கூர்ப்பக்கம் தட்டைப் பார்த்து. ஒன்றுக்கொன்று அரை அங்குலமாவது இடைவெளி விட்டு வைக்கணும், தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றும் கூட வந்து கீழே விழும்.

கிளாஸ் வலது பக்கம், ஸ்பூன் நுனிக்கு மேலே. நம்ம பந்தியில் பல வீடுகளில் டம்ளரை இடது பக்கம் வைப்போம், வலது கை சோற்றில் இருக்கிறதே. ஸ்பூனில் சாப்பிடுகிறவருக்கு இரண்டு கையும் சுத்தமாக இருப்பதால் கிளாஸ் வலது பக்கம். இதில் ஒருத்தருக்காவது மாற்றி வைத்தால் வரிசை முழுக்கக் குழம்பும். ஒருவர் பக்கத்து ஆள் கிளாஸை எடுப்பார், அவர் அடுத்தவருடையதை எடுப்பார்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. இரண்டு மேசையும் சேரும் இணைப்பு 96-ஆவது அங்குலத்தில். நான்காவது தட்டின் நடு 88. அதிலிருந்து வலது பக்கம் 8 அங்குலம் போனால் இணைப்பு. அந்த ஆளுடைய கிளாஸின் அடி சரியாக அந்தக் கோட்டின்மேல் ஏறி நின்றது. விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தால் ஆடுகிறது. அந்தக் கிளாஸை மட்டும் நகர்த்தினால் வரிசை கோணலாகத் தெரியும். அதனால் பத்துக் கிளாஸையும் ஒவ்வொரு அங்குலம் தட்டுப் பக்கம் நகர்த்தினோம். ஆட்டமும் நின்றது, வரிசையும் கெடவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு இடத்தில் இரண்டு, இன்னொரு இடத்தில் இல்லை என்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து, ஆளுக்கொரு செட்டாக வைத்துக்கொண்டு வந்தால் இது நிச்சயம் நடக்கும். பெரிய ஸ்பூனும் சூப் ஸ்பூனும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும், சூப் ஸ்பூனின் வாய் வட்டமாக இருக்கும் என்பதுதான் வித்தியாசம். ஒருவருக்கு இரண்டு சூப் ஸ்பூன் வந்துவிட்டாலும் அவர் இடத்தில் எண்ணிப் பார்த்தால் நாலு உருப்படி சரியாகத்தான் இருக்கும். ஆகவே ஆளுக்கு ஆள் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு வழி, ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும். தட்டத்தில் பத்து முள்கரண்டி எண்ணி எடுத்து, ஒரே ஆள் மேசையை வலம் வந்து வைக்கணும். அப்புறம் பத்து பெரிய ஸ்பூன், அப்புறம் சூப் ஸ்பூன், சின்ன ஸ்பூன், கடைசியில் கிளாஸ். சுற்று முடியும்போது தட்டம் காலியாக இருக்கணும். ஒன்று மிஞ்சினால் யாருக்கோ வைக்கவில்லை. கடைசி ஆளுக்கு முன்பே தீர்ந்துவிட்டால் யாருக்கோ இரண்டு விழுந்திருக்கிறது. அந்த நிமிஷமே தெரிந்துவிடும், விருந்தாளி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லணும். எங்க பக்கத்து போர் தண்ணியில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டு நிற்கும். அதற்கு ஒரு அகலப் பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, கிளாஸை ஆவியில் காட்டி, நூல் உதிராத பழைய பருத்தித் துணியால் துடைக்கணும். ரொம்ப நாள் பொட்டு என்றால் வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் விடும். துடைத்த பிறகு அடிப்பக்கம் மட்டும்தான் பிடிக்கலாம், வாய் விளிம்பில் விரல் படக் கூடாது. விரல் நகத்தால் லேசாகத் தட்டினால் நல்ல கிளாஸ் கணீரென்று சொல்லும், விரிசல் இருந்தால் சத்தம் மங்கும். விளிம்பில் விரலை ஓட்டாதீர்கள், சில்லு இருந்தால் கிழித்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் போதும்.

கிளாஸை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் வேண்டாம். இறுகிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல், உள்ளே இருக்கும் கிளாஸில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளிக் கிளாஸை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கி வெளியே உள்ளது விரிந்து தானாகக் கழலும். கொதிக்கிற தண்ணீர் என்றால் உடைந்துவிடும்.

சாப்பிட்டு முடிந்ததும் எடுக்கும்போதும் அதே முறைதான். முதலில் கிளாஸ் தனியாக ஒரு தட்டத்தில், பிறகு ஸ்பூன், முள்கரண்டி, கடைசியாகத் தட்டு. எச்சில் பக்கெட்டைக் கொட்டுவதற்கு முன்னால் ஸ்பூன்களை வகைக்குப் பத்து என்று எண்ணிவிடுங்கள். குறைகிற ஸ்பூன் பெரும்பாலும் அந்தப் பக்கெட்டில் பேப்பர் துணிக்கு அடியில்தான் கிடக்கும். அன்றைக்கும் ஒரு சின்ன ஸ்பூன் அங்கேதான் கிடைத்தது. கழுவித் துடைத்து நாற்பதையும் கணக்கு ஒப்படைத்துவிட்டு, சின்ன மேசையை ஆபீஸ் அறையில் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தோம்.