காசு வரலை, கணக்குல மட்டும் கழிஞ்சிருக்கு

அலுவிகாரைப் பக்கத்துல ஒரு அக்கா, வங்கிக்கு எழுதின கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. "என் காசைக் களவெடுத்துட்டீங்க. பிள்ளைக்கு டியூஷன் காசு கட்டணும். இருபதாயிரம் உடனே வேணும்." அவ்வளவுதான். கோபம் நியாயம் அக்கா. ஆனா எந்தக் கணக்கு, எந்த நாள், எந்த மெஷின்? ஒண்ணுமே இல்லையே!

விசாரிச்சப்பதான் விளங்கிச்சு. மாத்தளை டவுன்ல வேற வங்கியோட ஏ.டி.எம்.ல எடுக்கப் போயிருக்காங்க. காசு வரலை, எஸ்.எம்.எஸ். வந்திருச்சு. இதைக் களவுன்னு எழுதாதீங்க. வேற யாரோ உங்க காட்டைப் பாவிச்சதா நினைச்சு, காட்டை நிப்பாட்டிட்டு அந்தப் பக்கம் தேடப் போயிருவாங்க. காசு வெளிய வரலைன்னு எழுதினா, மெஷின் பதிவையும் உள்ள இருக்கிற காசையும் ஒத்துப் பார்ப்பாங்க. உங்களுக்கு வராத காசு அங்க மிச்சமா நிக்கணும். நேரமும் இடமும் சரியா இருந்தாத்தான் அந்தப் பதிவைத் தேடிப் பிடிக்கலாம்.

அக்காவோட கடிதத்தை இப்படி மாத்தினேன்:

"கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

கிடைக்காத ரூபா 20,000 கணக்கில் கழிக்கப்பட்டமை தொடர்பாக

எனது சேமிப்புக் கணக்கு இலக்கம் ........ . ........ ஆம் திகதி மாலை 5.40 மணியளவில், மாத்தளை நகரிலுள்ள ........ வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்தில் ரூபா 20,000 எடுக்க முயன்றேன். பணம் வெளிவரவில்லை. எனினும் அத்தொகையும் சேவைக் கட்டணமும் எனது கணக்கில் கழிக்கப்பட்டுள்ளன. இயந்திரப் பதிவைச் சரிபார்த்து, இரண்டையும் எனது கணக்கில் மீள வரவு வைத்து, முடிவை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: குறுஞ்செய்தியின் படம், பற்றுச்சீட்டின் பிரதி."

கீழ பேர், விலாசம், தொலைபேசி இலக்கம், கையொப்பம். டியூஷன் காசை எடுத்துட்டேன். அது உங்க கஷ்டம்தான், ஆனா பதிவைத் தேடுறவருக்கு அதுல ஒரு தடயமும் இல்ல. அந்தச் சேவைக் கட்டணத்தை மறந்துறாதீங்க. சின்னக் காசுன்னு நிறையப் பேர் விட்டுறாங்க.

"எந்த வங்கிக்குக் கொடுக்கிறது?" உங்க கணக்கு எங்க இருக்கோ அங்கதான்! மெஷின்காரங்ககிட்ட ஓடாதீங்க. உங்க வங்கிதான் அவங்ககிட்டப் பேசணும். திரும்பவும் சொல்றேன், உங்க வங்கிக்கு.

"தமிழ்ல எழுதலாமா?"ன்னு ஒரு தம்பி. தாராளமா எழுதுங்க. திகதி, தொகை, கணக்கு இலக்கம் மூணையும் இலக்கத்துல தெளிவா போடுங்க. வாசிக்கிறவருக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் விஷயம் போய்ச் சேரும். பின் நம்பரை மட்டும் எங்கயும் எழுதக் கூடாது, யார் கேட்டாலும்.

ரெண்டு பிரதி கொண்டு போங்க. ஒண்ணுல திகதியோட சீல் அடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. வங்கி பதில் தரலைன்னாலோ, தந்த பதில் சரியில்லைன்னாலோ, மத்திய வங்கியோட நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935ல பேசலாம். முதல்ல வங்கிக்குக் கொடுத்தீங்களான்னு அங்க கேப்பாங்க. அந்த சீல் அடிச்ச பிரதி அப்ப கையில இருக்கட்டும்.