வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலையா, ஊர் மாறிப் போவதா?
(சங்கத்தின் இளைஞர் வேலை வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பாட்டன்மார் வேலைக்காக ஊரை விட்டுச் சபர் வந்தவர்கள். வேலை இருந்த இடத்திற்கு ஆள் போக வேண்டும் என்பதே அன்றைய கணக்கு. இன்று அம்பாங்கில் நம் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சிங்கப்பூர் நிறுவனத்திற்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “இங்கேயே இருந்து செய்யட்டுமா, அங்கே போய்விடட்டுமா?” என்று பெற்றோரும் பிள்ளைகளும் சங்கத்தில் வந்து கேட்கிறார்கள். இரண்டில் எது நல்லது என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கணக்கை எப்படிப் போடுவது என்பதை மட்டும் சேர்ந்து பார்ப்போம்.

முதலில், பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். “சம்பளம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, வெளிநாட்டு வருமானத்திற்கு மலேசியாவில் வரி இல்லை” என்று பலர் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. வெளிநாட்டில் ஈட்டி, அங்கே வரிக்கு உட்பட்டு, பிறகு இங்கே கொண்டுவரும் வருமானத்திற்குத் தனிநபர்களுக்கு 2022 முதல் விலக்கு இருக்கிறது. அதை 2036 முடியும் வரை நீட்டிப்பதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஆனால் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு இந்த விலக்கு பொருந்தாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. வேலை எங்கே நடக்கிறது என்று பார்க்கிறது. நாற்காலி அம்பாங்கில் இருந்தால், முதலாளி சிங்கப்பூரில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும், அது மலேசிய வருமானம். சம்பளத்தைச் சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலேயே விட்டுவைத்தாலும் அப்படித்தான்.

சிங்கப்பூர் பக்கமும் இதே கொள்கைதான். அங்கே கால் வைக்காமல் இங்கிருந்து செய்த வேலைக்கு அங்கே வரி இல்லை, வேலை அனுமதி அட்டையும் தேவையில்லை. ஆகவே இரண்டு நாட்டிலும் கட்ட வேண்டியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். இரண்டிலும் கட்டாமல் இருக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம்.

அடுத்து, வரி எப்படிக் கட்டுவது? உள்ளூர் முதலாளி மாதாமாதம் வரியைப் பிடித்து எல்.எச்.டி.என்.னுக்குக் கட்டிவிடுகிறார். மலேசியாவில் அலுவலகம் இல்லாத வெளிநாட்டு முதலாளி அப்படிப் பிடிக்க மாட்டார். முழுச் சம்பளமும் கைக்கு வரும். கைக்கு வந்தது செலவாகும். மறு ஆண்டு ஏப்ரலில் மொத்த வரியும் ஒரே தொகையாக வந்து நிற்கும். சம்பளம் மட்டும் வாங்குபவர் பிஇ பாரத்தை ஏப்ரல் 30க்குள் அனுப்ப வேண்டும். இணையம் வழி அனுப்பினால் மே 15 வரை அவகாசம் தருகிறார்கள். ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் வேலை செய்பவருக்கு அது வியாபார வருமானம். அவருக்கு பி பாரம், கெடு ஜூன் 30; இணையத்தில் ஜூலை 15. கெடு தவறினால் கட்டாத தொகையின் மேல் 10 விழுக்காடு சேர்கிறது. பாரமே அனுப்பாதவருக்கு 200 ரிங்கிட் முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. 27 வயதுப் பிள்ளை, கணினி மென்பொருள் வேலை. ஒரு சிங்கப்பூர் நிறுவனம் இரண்டு வழி சொல்கிறது. அம்பாங்கில் இருந்தபடி மாதம் 14,000 ரிங்கிட். அல்லது சிங்கப்பூருக்கு வந்தால் மாதம் 7,000 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட் 30 சென் என்று வைத்துக்கொண்டால் அது 23,100 ரிங்கிட். இந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் பெட்டி கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுப்போம்.

வீட்டில் இருந்தால் ஆண்டு வருமானம் 168,000 ரிங்கிட். தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு 4,000 போனால் மிச்சம் 155,000. அதில் முதல் ஒரு லட்சத்திற்கு வரி 9,400. அடுத்த 55,000க்கு 25 விழுக்காடு வீதம் 13,750. ஆக 23,150 ரிங்கிட், மாதத்திற்கு ஏறக்குறைய 1,930. வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது, கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 என்று வைப்போம். மாதம் கையில் நிற்பது 9,070 ரிங்கிட்.

சிங்கப்பூரில் ஆண்டு வருமானம் 84,000 வெள்ளி. சம்பாதிப்போர் கழிவு 1,000 போக, 83,000க்கு அங்கே வரி 3,695 வெள்ளி. மாதம் சுமார் 308. வரி அங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஓர் அறைக்கு வாடகை 1,400, சாப்பாடும் போக்குவரத்தும் 1,000, மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போக 250 என்று வைத்தால் மிச்சம் 4,042 வெள்ளி, ஏறக்குறைய 13,340 ரிங்கிட். 9,100 ரிங்கிட் வித்தியாசம் போலத் தெரிந்தது, உண்மையில் 4,270 ஆகிவிட்டது. வாடகை உயர்ந்தாலோ, கல்யாணமாகி தனி வீடு எடுக்க வேண்டி வந்தாலோ அது இன்னும் சுருங்கும்.

இந்தக் கணக்கில் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று சேமநிதி. உள்ளூர் நிறுவனம் இந்த அளவுச் சம்பளத்திற்கு மேல் 12 விழுக்காடு இபிஎஃப் கட்டுகிறது. இங்கே அலுவலகம் இல்லாத வெளிநாட்டு முதலாளியிடம் அது பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே வெளிநாட்டு முதலாளி தரும் 14,000, உள்ளூர் நிறுவனம் தரும் 12,500க்குத்தான் சமம். 12,500இன் 12 விழுக்காடு 1,500, கூட்டினால் 14,000. சொக்சோ பாதுகாப்பும் இல்லாமல் போவது இந்தக் கணக்கில் சேரவில்லை. சம்பளம் பேசும்போதே இந்த 12 விழுக்காட்டைச் சேர்த்துக் கேட்க வேண்டும். சேமநிதியில் நாமாகவே ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை போடலாம்.

சிங்கப்பூர் போனால் அங்கே சிபிஎஃப் உண்டே என்பார்கள். அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதி அட்டையில் இருப்பவருக்கு முதலாளி சிபிஎஃப் கட்டுவதில்லை. ஆக நிரந்தரவாசம் கிடைக்கும் வரை இங்கேயும் சேமநிதி ஏறாது, அங்கேயும் ஏறாது. ஐந்து வருடம் அப்படி ஓடிவிட்டால் முதுமைக்கான பணத்தில் பெரிய ஓட்டை விழும். இரண்டு வழியிலும் மாதம் ஒரு தொகையைத் தானே ஒதுக்குகிற பிள்ளையா என்பதைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

நம்மவருக்கு முக்கியமான இன்னொன்று ஜக்காத். மலேசியாவில் ஜக்காத் ரசீது, வருமானத்திலிருந்து கழிவதில்லை. வரியிலிருந்தே ரிங்கிட்டுக்கு ரிங்கிட் கழிகிறது. மேலே சொன்ன பிள்ளை அந்த ஆண்டுக்குள் 3,500 ஜக்காத் கொடுத்திருந்தால், வரி 23,150இலிருந்து 19,650 ஆகும். அம்பாங்கில் ஒரு பக்கம் கூட்டரசுப் பிரதேசம், அம்பாங் ஜெயா பக்கம் சிலாங்கூர். குடியிருக்கும் இடத்திற்குரிய ஜக்காத் நிலையத்தில் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வரித் தாள்கள் எல்லாவற்றையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சட்டப் பாதுகாப்புக்கு வருவோம். உள்ளூர் நிறுவனம் காரணமின்றி வேலையை விட்டு நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்யலாம். முதலாளிக்கு இங்கே அலுவலகமோ சொத்தோ இல்லையென்றால், தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தாலும் பணத்தை வசூலிப்பது கடினம். ஒப்பந்தத்தில் “ஒப்பந்தக்காரர்” என்று எழுதியிருந்தால் நிலைமை இன்னும் பலவீனம். அதனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: நாம் ஊழியரா, ஒப்பந்தக்காரரா? வேலை நீக்கத்திற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு? தகராறு எந்த நாட்டுச் சட்டப்படி தீரும்? முன்னறிவிப்பு இரண்டு வாரம் என்று இருந்தால், மூன்று மாதம் கேளுங்கள். வழக்குப் போடும் உரிமையை விட அந்த மூன்று மாதச் சம்பளம் கைக்கு எட்டும். சில நிறுவனங்கள் இங்கே பதிவு பெற்ற ஓர் இடை நிறுவனத்தின் வழியாகச் சம்பளம் தருகின்றன. அதில் வரிப் பிடித்தம், இபிஎஃப், சொக்சோ எல்லாம் ஒழுங்காக நடக்கும். அப்படி ஒரு வழி உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

சிங்கப்பூரில் அந்த நாட்டுத் தொழில் சட்டம் அருகில் இருக்கிறது. ஆனால் அனுமதி அட்டை முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அட்டை ரத்தாகும். வேறு வேலை தேடப் பொதுவாக 30 நாள்தான். அந்த அட்டைக்குச் சம்பள வரம்பும் உண்டு. 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி. வயது கூடக் கூட வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700 ஆகிறது. அதனால் 27 வயதுக்குப் போதுமான சம்பளம், உயர்வு இல்லாவிட்டால் 35 வயதில் போதாது. நாடு திரும்பும்போது முதலாளி வரிக் கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார். அது சட்டம், பதற வேண்டாம், கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருந்தால் போதும். அம்பாங்கில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டில் 182 நாள் இங்கே இல்லாதவர் பெரும்பாலும் வரிக்கு வெளிநாட்டுவாசி ஆகிவிடுகிறார். வாடகைக்கு எந்தத் தனிநபர் கழிவும் இன்றி 30 விழுக்காடு வரி விழும்.

கடைசியாகத் தொழில் வளர்ச்சி. வீட்டிலிருப்பவர் வேலையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் பிள்ளை கற்பது பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரரிடம்தான். அந்த வயதில் போய்வருவது, 4,270 ரிங்கிட்டை விட அதிக மதிப்புள்ளதாக இருக்கலாம். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், இங்கே வீடு வாங்கியவர் ஆகியோருக்கு அதே கணக்கு மறுபக்கம் சாயும். ஆனால் வீட்டிலிருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டாகச் சம்பளமும் பொறுப்பும் நகரவில்லை, முக்கியக் கூட்டங்களுக்கு அழைப்பு இல்லை என்றால், நிறுவனம் அவரை மலிவான கை என்று மட்டுமே எண்ணுகிறது என்று பொருள்.

வரி ஒழுங்காகக் கட்டுவதில் ஒரு பலனும் உண்டு. வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி இபிஎஃப் கணக்கறிக்கை கேட்கும். அது இல்லாதவருக்கு, அனுப்பிய பிஇ பாரமும் வரி கட்டிய ரசீதுமே சம்பளத்திற்குச் சாட்சி. எனவே வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு சம்பளத்திலும் வரிக்கு உரிய பங்கைத் தனிக் கணக்கில் போட்டு விடுங்கள். நாம் பார்த்த எடுத்துக்காட்டில் அது மாதம் 2,000 ரிங்கிட். வேலை ஒப்பந்தம் கையில் வந்ததும், கையெழுத்துக்கு முன் சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.