ரூபாவை இறக்கினார்களா, ரூபா தானாக இறங்கியதா?

(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போனால் கம்பனி தரப்பு முதலில் எடுத்து வைப்பது, "ரூபா விழுந்துவிட்டது, உரம் விலை ஏறிவிட்டது" என்பதைத்தான். அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரூபா விழுவது இரண்டு விதமாக நடக்கும். அது தெரிந்தால்தான் உரக் கணக்கில் எதைக் கேட்க வேண்டும் என்று நமக்குப் புரியும்.

முதலாவது, மதிப்பிறக்கம். டொலருக்கு இத்தனை ரூபா என்று அரசாங்கம் விலை கட்டி வைத்திருக்கும். ஒரு நாள் அரசாங்கமே அதை மாற்றி அறிவிக்கும். 1967 நவம்பரில் பிரித்தானியா பவுணை இறக்கியதும், இங்கேயும் ரூபாவை 20 சதவீதம் இறக்கினார்கள். 4.76 ரூபாவாக இருந்த டொலர் 5.95 ஆனது. வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இதுதான்: ரூபா இறங்கியது 20 சதவீதம், ஆனால் டொலரில் வாங்கும் சரக்கு ரூபாவில் ஏறியது 25 சதவீதம். 4.76 கொடுத்த இடத்தில் இன்னும் 1.19 கொடுக்க வேண்டும். அது நாலில் ஒரு பங்கு.

இரண்டாவது, பெறுமதித் தேய்வு. இதில் யாரும் விலையை அறிவிப்பதில்லை. டொலர் கேட்பவர்கள் கூடி, விற்பவர்கள் குறைந்தால், வங்கிகளில் விலை நாளுக்கு நாள் ஏறும்.

மூலப்பொருள் இறக்குபவருக்கு இரண்டும் ஒன்றல்ல. மதிப்பிறக்கத்தில் அவர் இன்னும் கட்டாத பில் ஒரே இரவில் வீங்கிவிடும். அது பெரிய அடிதான். ஆனால் மறுநாள் காலையில் புது விலை தெரியும். அடுத்த கப்பலுக்குக் கணக்குப் போடலாம். தேய்வு மெதுவாக நடந்தால் சமாளித்துவிடுவார். மூன்று மாதம் கழித்து வாங்கப்போகும் டொலருக்கு இன்றே வங்கியோடு விலை பேசி ஒப்பந்தம் செய்து கொள்ளவும் வழி உண்டு. தேய்வு வேகமாக நடந்தால்தான் சிக்கல். வங்கியிலேயே டொலர் இல்லாதபோது அந்த ஒப்பந்தம் கிடைக்காது. அடுத்த சரக்குக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தெரியாததால், கையில் இருக்கும் சரக்கின் விலையிலேயே அந்தப் பயத்தையும் சேர்த்து விற்பார்.

2022 இல் நாம் இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்தோம். அதற்கு முன் பல மாதங்கள் டொலரை 203 ரூபாவுக்குள் பிடித்து வைத்திருந்தார்கள். மார்ச் 7 இல் மத்திய வங்கி 230 வரை போகலாம் என்றது. அது மதிப்பிறக்கம் மாதிரி. சில நாட்களிலேயே அந்த எல்லையும் உடைந்தது. அதற்குப் பிறகு நடந்தது தேய்வு. மே நடுவில் டொலர் 360 அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு உர வியாபாரி பெப்ரவரி நடுவில் ஒரு இலட்சம் டொலருக்கு யூரியா எடுக்கிறார், 90 நாள் கடனில். அன்றைய கணக்கில் 2 கோடி 3 இலட்சம் ரூபா. அந்த விலையை வைத்துத் தோட்டங்களுக்கு விற்றும் விடுகிறார். மே நடுவில் பில் கட்டப் போனால் 3 கோடி 60 இலட்சம் தேவை. 1 கோடி 57 இலட்சம் அவர் தலையில். அதே சரக்கைக் காசு கொடுத்து முன்பே எடுத்தவருக்கு இந்த நட்டம் ஒரு சதமும் இல்லை. ஆனால் இருவரும் அடுத்த மூட்டையை ஒரே விலைக்குத்தான் விற்பார்கள்.

அதனால் கம்பனி உரச் செலவைக் காட்டும்போது, அந்த உரம் எந்தத் திகதியில் வாங்கியது, அன்று டொலர் என்ன விலை, பில் கட்டியது எப்போது என்று கேளுங்கள். யூரியாவின் உலக விலையும் அந்தக் காலத்தில் உயர்ந்திருந்தது. அதை ரூபாவின் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். டொலர் விலை எவ்வளவு ஏறியது, டொலருக்கு ரூபா எவ்வளவு ஏறியது என்று இரண்டையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உரமும் டீசலும் டொலரில் வருகின்றன, சரி. தேயிலையும் வெளிநாட்டுக்குத்தானே போகிறது? ரூபா விழும்போது அதே டொலருக்குக் கூடுதல் ரூபா வருகிறது. 2022 இல் கொழும்பு ஏலத்தில் கிலோ விலை ரூபாவில் எப்படி ஏறியது என்பதை நீங்கள் பார்த்தீர்கள். செலவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் வரவுப் பக்கத்தையும் புரட்டச் சொல்ல வேண்டும்.

நம் கூலி டொலரில் இல்லை. 2021 இல் வந்த 1,000 ரூபா நாட்சம்பளம், டொலர் 203 ஆக இருந்தபோது ஏறக்குறைய 4 டொலர் 90 சதம். டொலர் 360 ஆனபோது 2 டொலர் 80 சதம்கூட இல்லை. கம்பனியின் செலவுகளில் ரூபாவோடு சேர்ந்து இறங்கியவற்றில் இதுவும் ஒன்று. அடுத்த பேச்சுவார்த்தைக்கு வரும்போது உர பில்லோடு இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.