லீவுக் கணக்கு நம் கையிலும் இருக்க வேண்டும்

(கிளிநொச்சியில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பேர் விழுந்த நாளை நாமும் வீட்டுக் கலண்டரில் குறித்து வைத்தோம். சம்பள நாளில் கணக்குப் பிழைத்தால் அந்தக் குறிப்புத்தான் பேசியது. இன்று நமது பிள்ளைகள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய லீவுக்கும் அப்படி ஒரு குறிப்பு வேண்டும்.

அவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். தோட்ட வேலைக்கு லீவு வேறு விதமாக, வேலை செய்த நாட்களை வைத்துக் கணக்கிடப்படுவதால் இந்தக் கணக்கை அங்கே போடக்கூடாது.

ஒரு பிள்ளை 2023 மே 15 இல் கடையில் சேர்ந்ததாக வைப்போம். அந்த வருடம் வருடாந்த லீவு இல்லை. கெஷுவல் லீவு மட்டும், இரண்டு மாதம் பூர்த்தியாக ஒரு நாள் என்று சேரும். யூலை, செப்டெம்பர், நவம்பர் மாதங்களில் ஒவ்வொன்றாக, டிசம்பருக்குள் 3 நாள். முதல் வருடம் கழிந்தபின் அது வருடத்துக்கு 7 நாள்.

வருடாந்த லீவு அடுத்த வருடம் கிடைக்கும். எத்தனை நாள் என்பதைச் சேர்ந்த திகதி தீர்மானிக்கும். மார்ச் முடிவதற்குள் சேர்ந்தால் 14, யூன் முடிவதற்குள் 10, செப்டெம்பர் முடிவதற்குள் 7, அதன் பின்னர் 4. ஆகவே நமது பிள்ளைக்கு 2024 இல் 10 நாள், 2025 இல் 14 நாள். போன வருட உழைப்பின் லீவை இந்த வருடமே எடுத்துவிட வேண்டும். அதற்கடுத்த வருடத்துக்குக் கொண்டு போகலாம் என்று முதலாளி சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி விட்டு வைக்காதீர்கள்.

இனிக் கொப்பி. கேட்ட திகதி, கேட்ட நாள், அனுமதித்த நாள், யார் அனுமதித்தார், மிச்சம் என்று ஐந்து கோடு போதும். 2024 ஏப்ரலில் 3 நாள் கேட்டு 3 கிடைத்தது, மிச்சம் 7. ஓகஸ்டில் 4 கேட்டு 2 மட்டுமே கிடைத்தது, மிச்சம் 5. கடைப் பதிவில் மிச்சம் 3 என்று இருந்தால், கேட்ட நாலையும் கழித்துவிட்டார்கள் என்று உடனே தெரியும். அனுமதித்து எடுத்த நாளை மட்டுமே கழிக்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் கெஷுவலில் நின்ற நாளை வருடாந்த லீவில் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

லீவுக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் ஒப்பம் வாங்குங்கள். போனில் அனுமதி வந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். வேலையை விட்டு விலகும்போது, எடுக்காமல் இருக்கும் வருடாந்த லீவுக்குச் சம்பளம் கேட்கவும் இந்தக் கொப்பி உதவும். முதலாளி மறுத்தால் கொப்பியோடும் கடிதத்தோடும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.