தீயா? லிஃப்ட் வேண்டாம்

2024 செப்டம்பர் 28 காலை, ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள்; சிலருக்கு மூச்சுத் திணறல்.

அந்த நேரத்தில் சுவர்ப் பலகை யாருக்குப் புரிய வேண்டும்? சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகளில் ஆங்கிலத்தோடு, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியும் வேண்டும் என்றது அப்போது நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. தமிழ் இருந்தால் மட்டும் போதுமா?

'அவசரகாலத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்' என்பதில் தடை கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஓடுகிறவர் அதுவரை படிப்பாரா என்ன! 'தீயா? லிஃப்ட் வேண்டாம். படியில் இறங்குங்கள்.' வரிக்கு ஒரு வேலை.

ஒலிபெருக்கி 'அசெம்பிளி பாயிண்ட்' என்றும் பலகை 'ஒன்றுகூடுமிடம்' என்றும் சொன்னால், சரக்கு இறக்க வந்த ஓட்டுநர் இரண்டையும் வேறு வேறு இடமென்று நினைப்பார். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கட்டும். கன்னடமோ இந்தியோ மட்டும் அறிந்தவருக்குப் பச்சைப் பலகையில் ஓடும் மனிதன் வழி காட்டுவான்.