வரி எங்கே முறிகிறது?
(பொன்விழா இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)



"உரைநடையை உடைத்துப் போட்டால் புதுக்கவிதையா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மரபுப் பாட்டில் அடி எங்கே முடியும் என்பதை யாப்பு சொல்லிவிடும். குறள் என்றால் முதல் அடிக்கு நான்கு சீர், அடுத்ததற்கு மூன்று. ஓலைச்சுவடியில் இடம் வீணாகாமல் தொடர்ச்சியாக எழுதினார்கள். ஆனாலும் ஓசை தெரிந்தவர் அடி பிரித்துப் படித்துவிடுவார். புதுக்கவிதையில் அந்தக் கணக்கு இல்லை. வரியை எங்கே முறிப்பது என்பதைக் கவிஞரே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

விளக்கத்துக்காக நானே நான்கு வரி எழுதி வந்திருக்கிறேன். தந்தை அக்கரையில் கடை வைத்திருக்கிறார், பிள்ளை ஊரில் இருக்கிறது. இங்கே பல வீடுகளுக்குத் தெரிந்த கதை.

அத்தா வந்துவிட்டார்
என்று ஓடிவந்தேன்
வாசலில்

பெட்டி மட்டும்

முதல் வரி முழு வாக்கியம். படிக்கிறவர் நம்பிவிடுகிறார். இரண்டாம் வரியில் 'என்று' வந்ததும், அது நடந்த செய்தியன்று, பிள்ளையின் நினைப்பு என்று தெரிகிறது. வரி முடிந்தும் பொருள் முடியாமல் அடுத்த வரிக்கு ஓடுவது இதுதான். தமிழில் இதற்கு வசதி அதிகம். 'என்று', 'இல்லை', 'போல' போன்ற, பொருளைத் திருப்பும் சொற்கள் நம் மொழியில் பின்னால்தான் வரும். அவற்றை அடுத்த வரிக்குத் தள்ளினால், முன் வரி கொஞ்ச நேரம் வேறொரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

'வாசலில்' தனியாக நிற்கிறது. பிறகு ஒரு வெற்று வரி. பிள்ளை அத்தாவைத் தேடும் நேரம் அது. ஒரு சொல்லும் இல்லாமல் அந்தத் தேடல் தாளில் இருக்கிறது. கடைசி வரியில் வினைச்சொல்லும் கிடையாது. பெட்டி வந்ததா, யாராவது வைத்தார்களா, அத்தா என்ன ஆனார், எதுவும் சொல்லப்படவில்லை.

இதையே வேறு விதமாக உடைத்துப் பாருங்கள்:

அத்தா
வந்துவிட்டார் என்று
ஓடிவந்தேன் வாசலில்
பெட்டி மட்டும்

சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் 'வந்துவிட்டார்' என்பதோடு 'என்று' ஒட்டிக்கொண்டதால் நம்புவதற்கு நேரமே இல்லை. ஏமாற்றம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 'ஓடிவந்தேன் வாசலில்' என்பது வாசலிலேயே ஓடியதுபோல் கேட்கிறது. இடைவெளியும் போயிற்று, தேடலும் போயிற்று.

ஆகவே ஒரு கவிதையைச் சோதிக்க, அதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்த முறிப்புகள் வெறும் அலங்காரம். சொல்லுக்கொரு வரி போடும் கவிதைகள் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். (பத்திரிகைப் பத்தி குறுகலாக இருந்தால் நீண்ட வரி தானாக மடிந்துவிடும், அந்தப் பழியைக் கவிஞர் மேல் போடாதீர்கள்.)

மேடையில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: வரி முடிவில் அரை மூச்சு நில்லுங்கள், குரலை இறக்காதீர்கள், இறக்கினால் வாக்கியம் முடிந்ததாகிவிடும். வெற்று வரியில் முழு மூச்சு. கூட்டம் இருமினாலும் அவசரப்படாதீர்கள்.