குளமும் கிணறும் ஒரே தண்ணீர்

(மரபுரிமை நடைபவனியைத் தொடக்கிவைத்து ஆற்றிய உரை)



வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். ஆகவே ஒரு விடயத்தை மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதெல்லாம் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கிய தண்ணீர்தான். அந்தக் கல்லுக்கு அடியில் கடல்நீரும் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அரை அடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் 20 அடி ஏறிவர இடமாகிவிடும். வெடிப்புகள் நிறைந்த கல்லில் கணக்கு இவ்வளவு நேராக நடப்பதில்லை. சில வளவுகளில் முந்தும், சிலவற்றில் பிந்தும். ஆனாலும் அந்த அரை அடிக்குள்தான் நமது தேநீரின் சுவை இருக்கிறது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இப்போது மோட்டர் சில நிமிடங்களில் தொட்டியை நிரப்பிவிடுகிறது. எடுப்பது கூடிவிட்டது. அந்த அளவுக்கு உள்ளே இறங்குவதும் கூட வேண்டுமல்லவா? இங்கேதான் குளம் வருகிறது. தெருவில் விழும் மழை வாய்க்கால் வழியே சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். குளத்துக்குள் வந்தால் வாரக்கணக்காக நின்று மெல்ல இறங்கும். குளத்தைச் சுற்றிய கிணறுகள் பங்குனி, சித்திரையிலும் நல்ல தண்ணீர் தருவதற்கு அதுவே காரணம்.

இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பிழை செய்துதான் அறிந்தோம். நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் பின் ஒழுங்கையில் ஒரு சிறு குளம் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஆடை துவைக்கவும் பயன்பட்டது. கரையில் ஆவுரோஞ்சிக்கல்லும் நின்றது. விளையாட்டுப் போட்டிக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடமில்லை என்று அதில் பாதியைக் கட்டடக் கழிவு கொட்டி நிரப்பினார்கள். நாங்களும் கைதட்டினோம். பிறகு தெருவை உயர்த்தியபோது மதகு அடைபட்டு, மீதிப் பாதிக்கும் தண்ணீர் வரவில்லை. சில கோடைகள் கழிந்தன. விடுதிக் கிணற்றில் முகம் கழுவினால் உதட்டில் உப்புத் தெரிந்தது. கேத்தலில் படியும் வெள்ளையைப் பார்த்து உப்பென்று சிலர் சொல்வார்கள். அது சுண்ணாம்பு, எப்போதும் இருந்தது. உப்பை நாக்குத்தான் முதலில் கண்டுபிடித்தது.

குளத்தைத் திருத்துவதிலும் பிழை நேரும். நான்கு புறமும் சீமெந்துச் சுவர் எழுப்பி, இருக்கை போட்டு, விளக்கும் பூட்டி அழகாக்குகிறார்கள். தண்ணீர் வரும் வாய் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அடியில் படிந்த சேற்றை வாராமல் விட்டால் தண்ணீர் தேங்கி நிற்குமே தவிரக் கீழே இறங்காது. எனவே முதல் வேலை வாய்க்காலையும் மதகையும் திறப்பது. அடுத்தது கோடையில் சேறு வாருவது. அழகு அதற்குப் பிறகுதான்.

கைவிட்ட கிணறுகளைப் பற்றியும் ஒரு சொல். குழாய்நீர் வந்ததும் பழைய கிணற்றைக் குப்பைக் கிடங்காக்குகிற வழக்கம் பரவிவிட்டது. நிலத்தில் கொட்டிய அழுக்கை மண் ஓரளவாவது வடிக்கும். கிணற்றில் கொட்டியது நேரே அயல் வீட்டுத் தண்ணீரோடு கலக்கும். மலக்குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்றுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போத்தற்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆபத்து. அதைப் பரிசோதனையில்தான் அறியலாம். பாவிக்காத கிணற்றுக்கு மூடி போடுங்கள், நிரப்பாதீர்கள்.

இன்று முதலில் நல்லூரில் 'ப' வடிவில் வெட்டிய யமுனா ஏரிக்குப் போகிறோம். அரசர் காலத்துக் கதைகளை அங்கே ஆசிரியை சொல்வார். அடுத்து ஆரியகுளம். கடைசியாக நமது பின் ஒழுங்கை. அங்கே மீதமிருக்கும் பாதிக் குளத்தையும் நிரப்ப வேண்டும் என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது, வாகனத் தரிப்பிடத்துக்காகத்தான். நமது சங்கத்துக்குள்ளேயே அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இன்று வந்திருப்பது மகிழ்ச்சி.

அந்த அடைபட்ட மதகடியில் சற்று நிற்போம். பக்கத்து இரண்டு வீட்டார் தங்கள் கிணற்றில் அள்ளித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு கிணறு குளத்தின் மீதிப் பாதிக்கு அருகே, மற்றது நிரப்பிய பக்கத்தில். இரண்டிலும் ஒரு வாய் வைத்துப் பாருங்கள். தொப்பியும் குடையும் எடுத்துக்கொண்டீர்களா? வாருங்கள், நடப்போம்.